எட்டாவது படத்துக்கு ஆள் இல்லை

மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருந்த வீடு ஒரு சுக்குக் கிடங்கின் மாடி. நாங்கள் என்று சொல்கிறேனே தவிர, பெரும்பாலான மாதங்களில் நான் மட்டும்தான். கணவருக்குக் கப்பலில் எஞ்சின் வேலை. ஏறினால் அரை வருஷம் கடலில். கல்யாணமாகித் தென்காசியிலிருந்து வந்த எனக்கு ஊரும் தெரியாது, மலையாளமும் வராது. வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் டிசைன் வேலை செய்துகொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, பேக்கரி விளம்பரம், யார் என்ன கேட்டாலும்.

எனக்கு அதிகமாக வேலை தந்தவர் ஒரு பேச்சுப் பயிற்சியாளர். பாலக்காட்டுப் பெண்மணி, ஐம்பதை நெருங்கும் வயது. கல்லூரி கல்லூரியாகக் காரோட்டிப் போய், மேடையில் பேசுவது எப்படி, நேர்முகத் தேர்வில் பேசுவது எப்படி என்று பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பார். அங்கே எல்லாரும் அழைப்பதுபோல நானும் அவரை டீச்சர் என்றே அழைத்தேன். அவருடைய தமிழில் பாதி மலையாளம் இருக்கும். என்னை 'மோளே', மகளே, என்றுதான் கூப்பிடுவார். எதையும் எழுதி அனுப்ப மாட்டார். சிக்னலில் வண்டி நிற்கிற நேரத்தில் குரல் பதிவாகப் பேசி அனுப்பிவிடுவார்.

ஒரு நாள் இப்படி வந்தது: "மோளே, ஒரு கரோசல் வேணும். கோயம்புத்தூர், பொள்ளாச்சி காலேஜெல்லாம் இப்போ என்னை விளிக்குது. அதுகொண்டு தமிழ்லேயே ஆயிக்கோட்டே. கூச்சமுள்ள பிள்ளைங்களுக்கு. ஒரு படத்துக்கு ஒரு பயிற்சி. ஒண்ணே ஒண்ணு, கேட்டியா? ரெண்டு வெச்சா ரெண்டும் செய்யமாட்டாங்க."

கரோசல் என்றால், போனில் ஒரே பதிவுக்குள் விரலால் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்கிற படவரிசை. முதல் படம் பார்க்கிறவரை நிறுத்த வேண்டும், மற்றவை தள்ள வைக்க வேண்டும், கடைசிப் படம் சேமிக்கச் சொல்ல வேண்டும். தமிழில் செய்வதில் ஒரு சிரமம் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்குவது தமிழில் இரண்டு வரி ஆகிவிடும். எழுத்தைச் சின்னதாக்கினால் பஸ்ஸில் நின்றுகொண்டு பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அதனால் வார்த்தைகளைத்தான் குறைக்க வேண்டும். டீச்சர் அரை மணி நேரம் பேசியதை நான் பத்துப் படங்களாகச் சுருக்கினேன்.

முதல் படத்தில், "வகுப்பில் எழுந்து நின்றதும் தொண்டை அடைக்கிறதா?" என்று மட்டும் எழுதினேன். இரண்டாவதில் மூச்சு: நான்கு எண்ணும்வரை இழு, ஆறு எண்ணும்வரை விடு, ஐந்து முறை. மூன்றாவதில் ஒரு பத்தியைச் சத்தமாகப் படிப்பது. நான்காவதில் கையில் கிடைக்கிற ஏதாவது ஒரு பொருளைப் பற்றி ஒரு நிமிடம் நிறுத்தாமல் பேசுவது. ஐந்தாவதில் அதைப் போனில் பதிந்து கேட்டு, ஒரே ஒரு குறையை மட்டும் குறித்துக்கொள்வது. இப்படியே போகும்.

நான் எழுதிய வரி புரிகிறதா என்று பார்க்க எனக்கு ஒரே வழிதான் இருந்தது. நானே செய்து பார்ப்பது. எழுதினவளே செய்தால் புரியாமல் எப்படிப் போகும் என்று கேட்கலாம். ஆனால் வேறு ஆள் இல்லை.

பால் பாக்கெட்டின் பின்பக்கத்தைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். முதல் வார்த்தை வெளியே வரவில்லை. காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தபோதுதான் உறைத்தது, அன்றைக்கு நான் வாயைத் திறப்பது அதுதான் முதல் தடவை. அதற்கு முந்தின நாள் பேசினேனா என்று யோசித்தேன். டீச்சருக்குக்கூட எழுத்தில்தான் பதில் போட்டிருந்தேன்.

நான்காவது படத்துக்கு ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டேன். கரண்டியைப் பற்றி ஒரு நிமிடம் பேசுவது லேசு இல்லை. பாதியில் எல்லாம் தீர்ந்துபோகும். தீர்ந்த பிறகு வருவதுதான் உண்மையான பேச்சு என்று டீச்சர் சொல்லியிருந்தார். எனக்கும் வந்தது. இந்தக் கரண்டியால் இரண்டு பேருக்கு எடுத்துப் போட்டுப் பழகியவள், ஒருத்திக்குச் சமைக்கும்போதும் மிச்சம் வைக்கிறேன் என்று பேசிக்கொண்டே போனேன். பதிவைத் திரும்பக் கேட்டபோது ஏதோ ஒரு வயதான பெண் பேசுவதுபோல இருந்தது. குறித்துக்கொள்ள வேண்டிய ஒரே குறையாக, வாக்கியத்தின் கடைசியில் குரல் கீழே போய் மறைந்துவிடுவதை எழுதி வைத்தேன்.

ஆறாவது, 'வந்து', 'அதாவது' என்று வாயில் வரும்போதெல்லாம் அதை விழுங்கிவிட்டு, அந்த இடத்தில் சும்மா இருப்பது. ஏழாவது, அறையின் மூன்று மூலைகளில் மூன்று முகங்கள் இருப்பதாக வைத்துக்கொண்டு ஒரு வாக்கியத்தை ஒரு முகத்தைப் பார்த்து முடிப்பது. அலமாரி, ஜன்னல், குளிர்சாதனப் பெட்டி மூன்றையும் பார்த்துப் பேசினேன். ஜன்னலுக்குக் கீழே தெருவில் வழக்கம்போல ஓர் ஆடு சாக்கை மென்றுகொண்டிருந்தது. அது என்னை நிமிர்ந்து பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

எட்டாவதில் நின்றுவிட்டேன்.

"ஒரு நண்பரிடம் உங்கள் நாளைப் பற்றி ஒரு நிமிடம் சொல்லுங்கள். அவர் குறுக்கிடாமல் கேட்கட்டும். பிறகு, கேட்டதை அவர் உங்களிடம் திருப்பிச் சொல்லட்டும்."

நல்ல பயிற்சி அது. நாம் சொன்னது எதிரில் இருப்பவருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று அதில்தான் தெரியும். நான் போனில் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். கணவருக்கு அந்த வாரம் நடுக்கடல். அம்மாவுக்குப் போன் போட்டால் நான் ஒரு நிமிடம் பேச முடியாது, அவர்தான் பேசுவார். கல்லூரித் தோழிகளில் கடைசியாக யாரோடு பேசினேன் என்றே நினைவில்லை. திடீரென்று அழைத்து, "என் நாளைச் சொல்றேன், கேட்டுட்டுத் திருப்பிச் சொல்லு" என்றால் பயந்துபோவார்கள்.

டீச்சருக்குக் குரல் பதிவு அனுப்பினேன். அவருக்கு நான் அனுப்பிய முதல் குரல் பதிவு அது.

"டீச்சர், எட்டாவது படத்துல ஒரு சந்தேகம். நண்பர் யாரும் இல்லாதவங்க என்ன செய்வாங்க?"

சிரித்துக்கொண்டே பதில் வந்தது. "காலேஜ்ல ஒரு கூட்டுகாரி கூட இல்லாத பிள்ளை யாரு மோளே? அது போதும், மாத்தண்டா. நின்ட சப்தம் நல்லா இருக்கே, ஏன் இத்தனை நாள் எழுதியே அனுப்பினே?"

அதற்கு நான் எழுத்தில் நன்றி சொன்னேன். படத்தை அப்படியே விட்டேன். அவருடைய பக்கம், அவருடைய பயிற்சி. அடுத்த நாள் பதிவேற்றினேன்.

அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான். ஒரு பதிவு எப்படிப் போகிறது என்று உள்ளே போய்ப் பார்க்கலாம். இதற்கு விருப்பக்குறி கொஞ்சம்தான் விழுந்தது. கருத்துப் பகுதியில் ஏற்கெனவே நன்றாகப் பேசுகிற இரண்டு பேர் கைதட்டியிருந்தார்கள். ஆனால் சேமித்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. யார் சேமித்தார்கள் என்று அது காட்டாது. எண்ணிக்கை மட்டும்தான். கூச்சப்படுகிறவர்கள் அப்படித்தானே வந்துபோவார்கள். விருப்பக்குறி போட்டால் பெயர் தெரிந்துவிடும். சத்தமில்லாமல் எடுத்து வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கெங்கோ விடுதிகளிலும் பஸ்களிலும் முகம் தெரியாத இத்தனை பேர் என் வரிகளைப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள் என்பது சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லவும் ஆள் வேண்டியிருந்தது.

சில நாள் கழித்து, பக்கத்தின் உள்பெட்டியில் ஒரு செய்தி வந்தது. படமில்லாத கணக்கு. பெயருக்குப் பதில் ஏதோ எழுத்தும் எண்ணும்.

"மேம், ஏழு வரைக்கும் செஞ்சுட்டேன். எட்டுக்கு ஆள் இல்ல. அத விட்டுட்டு ஒன்பதுக்குப் போகலாமா?"

ஒன்பதாவது படம், வகுப்பில் ஒரு கேள்வி கேட்பது. கேட்க நினைப்பதன் முதல் வாக்கியத்தை மட்டும் முன்கூட்டியே தயார் செய்துகொண்டு கையைத் தூக்குவது.

அந்தச் செய்தியை நான் பலமுறை படித்தேன். 'போகலாம்' என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். டீச்சருக்கு அனுப்பியும் இருக்கலாம். அவர் அன்று பொள்ளாச்சியில் வகுப்பில் இருந்தார், போனை எடுக்க மாட்டார். நான் இப்படி எழுதினேன்: "நான் மேம் இல்லை. இந்தப் படங்களைச் செய்கிறவள். எட்டாவதுக்கு எனக்கும் ஆள் கிடைக்கவில்லை. உங்களுக்குச் சம்மதம் என்றால் எனக்குச் சொல்லுங்கள். நான் கேட்டதைத் திருப்பிச் சொல்கிறேன்."

ரொம்ப நேரம் பதில் இல்லை. எழுதியிருக்கக் கூடாதோ என்று தோன்ற ஆரம்பித்தது. சாயங்காலம், கீழே கிடங்கை இழுத்துப் பூட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒரு குரல் பதிவு வந்தது. ஒரு பெண்ணின் குரல். பின்னால் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம். விடுதியின் குளியலறைப் பக்கம் போய் நின்று பேசியிருக்கிறாள்.

"காலைல மெஸ்ஸுக்குப் போனேன். இட்லி தீர்ந்துபோச்சு. சட்னி மட்டும் இருந்துச்சு. வேற இருக்கான்னு கேக்கல. வந்துட்டேன். க்ளாஸ்ல அட்டெண்டன்ஸ் எடுத்தாங்க. 'எஸ் மேம்'னேன். மத்தியானம் லைப்ரரில இருந்தேன். அவ்வளவுதான். இன்னைக்கு நான் பேசினது அந்த 'எஸ் மேம்' மட்டும்தான். இது ரெண்டாவது."

பதிவு ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. நான் குரலைச் சரிசெய்துகொண்டு பதிவு பொத்தானை அழுத்தினேன். "நான் கேட்டத சொல்றேன். காலைல இட்லி கிடைக்கல. கேக்காம வந்துட்டீங்க. வகுப்புல ஒரு தடவை பேசினீங்க. மத்தியானம் லைப்ரரி. இப்ப பேசினது ரெண்டாவது. சரியா?"

உடனே வந்தது: "சட்னி இருந்துச்சுன்னு சொன்னேன். அத விட்டுட்டீங்க." அதைச் சொல்லும்போது குரலில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. தண்ணீர்ச் சத்தமும் நின்றிருந்தது.

பிறகு, "இப்ப நீங்க சொல்லுங்கக்கா" என்றாள்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சமாளிப்போம் என்று பேசினேன். வீடு, வேலை, கீழேயிருந்து வருகிற சுக்கு வாசனை, டீக்கடையில் கையைக் காட்டியே சாமான் வாங்குவது என்று என் நாளைக் கொஞ்சம் வேடிக்கையாகவே சொன்னதாக நினைத்துக்கொண்டேன். அவள் திருப்பிச் சொன்னாள்.

"உங்க வீட்டுக்குக் கீழ சுக்கு கிடங்கு. படம் செய்யிற வேலை. டீக்கடைல பேசாமலே வாங்குவீங்க. அப்புறம்... 'யாரும் இல்ல'ன்னு மூணு தடவை சொன்னீங்கக்கா."

அப்படிச் சொன்னேனா என்று என் பதிவையே மறுபடி போட்டுக் கேட்டேன். சொல்லியிருந்தேன். படி ஏறிவர யாரும் இல்லை, சாப்பிட யாரும் இல்லை, கேட்க யாரும் இல்லை. மூன்று தடவையும் வாக்கியத்தின் கடைசியில் குரல் கீழே போயிருந்தது. அழுகை வந்தது. துக்கத்தால் என்று சொல்ல முடியாது. நான் சொன்னதை ஒருத்தி அப்படியே கேட்டிருக்கிறாள் என்பதால்.

மறுநாள் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழைத்தே சொன்னேன். எப்போதும் தானே பேசிக்கொண்டிருப்பவர், அன்று முழுக்கக் கேட்டார்.

"அப்படி ஒரு பிள்ளை இருக்கும்னு நான் நினைச்சே பாக்கல மோளே," என்றார். "நீ கேட்டே. நான் சிரிச்சேன்."

பிறகு வேலை விஷயத்துக்கு வந்தார். பக்கத்தின் பெயரில் ஒரு மாணவியோடு பேசினால் அது தனக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவளுக்கு இன்னும் ஏதாவது கஷ்டம் இருப்பதாகத் தெரிந்தால் கல்லூரியின் கவுன்சலரிடம் போகச் சொல்ல வேண்டும், நாமே வைத்தியம் பார்க்கக் கூடாது என்றார். சரிதான் அது. கடைசியில், "அந்த எட்டாவதை எடுத்துட்டு வேறொண்ணு வை" என்றார்.

அது முடியாது. ஏற்றிய கரோசலில் ஒரு படத்தை நீக்கலாமே தவிர அதே இடத்தில் வேறு படத்தைச் செருக முடியாது. நீக்கினாலும், படங்களில் எண் போட்டிருந்ததால் ஏழுக்குப் பிறகு ஒன்பது வரும். பதிவை அழித்துப் புதிதாகப் போட்டால், சேமித்து வைத்த அத்தனை பேரிடமிருந்தும் அது காணாமல் போய்விடும். அந்தப் பெயர் தெரியாதவர்களின் கையிலிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

"அப்போ அவங்களுக்கு மாத்திரமா இன்னொரு கரோசல்," என்றார் டீச்சர். "பேச ஆள் இல்லாதவங்களுக்கு. பயிற்சியை நீயே யோசி. எனக்கு அது அறியில்ல."

இந்தத் தடவை எழுதுவதற்கு முன்பே செய்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். ஒரு பயிற்சி, நேற்றைய பதிவை இன்று கேட்டு, வேறு யாரோ பேசியதுபோல அதைத் திருப்பிச் சொல்வது. இன்னொன்று, எப்படியும் நம்மோடு பேச வேண்டியவர்களிடம், கடைக்காரர், கண்டக்டர், நூலகர், ஒரு முழு வாக்கியம் பேசுவது. 'ம்' கூடாது, கை காட்டக் கூடாது.

தெருமுனை டீக்கடைக்குப் போனேன். ஒன்றரை வருஷமாக அங்கே விரலைக் காட்டித்தான் வாங்கியிருக்கிறேன். வீட்டிலேயே மலையாளத்தில் வாக்கியத்தைத் தயார் செய்து, மூச்சுப் பயிற்சியும் செய்துவிட்டுப் போய் நின்றேன்.

"சேட்டா, ஒரு சாயா. மதுரம் குறச்சு மதி."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "சீனி கம்மியா? தமிழ்லயே சொல்லும்மா. எங்க வீட்ல தமிழ்தான் பேசுறது. நீ வாய் பேசாத பிள்ளைன்னு இத்தனை நாளா நினைச்சுட்டு இருந்தேன்."

பக்கத்தில் நின்ற சுமைத் தொழிலாளிகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் வேறு மாதிரி இருந்தது. ஒன்றரை வருஷம் தெருமுனையிலேயே என் மொழி இருந்திருக்கிறது. நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

எதிர்க்கரையில் இருக்கிற வைப்பினுக்குப் போகும் படகில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டேன். அவர் இறங்கும்வரை பேசினார். எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. அதையும் பயிற்சியாக எழுதினேன்: "பதில் முழுதும் புரிய வேண்டியதில்லை. கேள்வியை முடித்தால் போதும்."

இரண்டாவது கரோசலின் முதல் படத்தில், "பேசிப் பார்க்க ஆள் இல்லையா?" என்று எழுதினேன். அதை அந்தப் பெண்ணுக்குத்தான் முதலில் அனுப்பினேன். அவள் மெஸ்ஸில் ஒரு நாள் "இட்லி இருக்காண்ணா?" என்று கேட்டதாகச் சொன்னாள். அன்றும் தீர்ந்துவிட்டதாம். "ஆனா தோசை ஊத்திக் கொடுத்தாங்கக்கா." அப்புறம் அவளுடைய செமினார் வந்தது. அதற்கு முந்தின மாலையில் முதல் வாக்கியத்தை மட்டும் எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினாள். நான் ஒவ்வொன்றுக்கும் "கேட்டேன்" என்று பதில் போட்டேன்.

செமினார் முடிந்து வந்த பதிவில் கூட்டத்தின் இரைச்சல் இருந்தது. வராந்தாவில் நின்று பேசியிருக்க வேண்டும்.

"முன்னாடி போனேன். ஒருத்தன் சிரிச்சான். நடுவுல மறந்துபோச்சு, ஆறாவது படத்துல இருக்குற மாதிரி சும்மா நின்னேன். திரும்ப வந்துச்சு. முடிச்சுட்டேன். சார் ஒரு கேள்வி கேட்டாரு, அதுக்கும் சொன்னேன். நல்லா இருந்துச்சான்னு தெரியலக்கா. முடிச்சுட்டேன்."

நான் அதைத் திருப்பிச் சொல்லி அனுப்பினேன், எதையும் விடாமல். அவள் ஒரு இதயக்குறி போட்டாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து செய்தி வரவில்லை. ஒருமுறை நான் விசாரித்து எழுதினேன், அவள் பார்த்ததாகக் காட்டவில்லை. பிறகு அந்தக் கணக்கே இல்லாமல் போனது. எந்த ஊர், என்ன படிப்பு, எதுவும் எனக்குத் தெரியாது. அவளுக்கு ஆள் கிடைத்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைக்கும்போது சந்தோஷமும் வருகிறது, கூடவே உள்ளே ஏதோ காலியாகவும் ஆகிறது.

அந்த மழைக்காலத்தில் டீச்சர் என்னைக் களமசேரியில் நடந்த ஒரு பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வகுப்பில் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பிரிந்து உட்காரச் சொன்னார். எல்லாரும் அவரவர் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொண்டார்கள். நாற்காலி இழுக்கிற சத்தமெல்லாம் அடங்கிய பிறகு ஒரு பெண் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். மொத்த எண்ணிக்கை ஒற்றைப்படை. முன்பெல்லாம் அப்படி மிஞ்சுகிறவரை டீச்சர் ஏதாவது ஒரு ஜோடியோடு சேர்த்துவிடுவாராம். அங்கே போயும் அந்தப் பிள்ளை சும்மாதான் உட்கார்ந்திருக்கும், இப்போதுதான் கவனிக்கிறேன் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அன்று அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் அந்தப் பெண்ணுக்கு எதிரில் உட்கார்ந்தேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. என் மலையாளம் டீக்கடை அளவுக்குத்தான். "பறஞ்ஞோளூ, ஞான் கேள்க்காம்," சொல்லு, நான் கேட்கிறேன் என்றேன். அவள் மெதுவாகச் சொன்னாள். எனக்குப் பிடிபட்டதை உடைந்த மலையாளத்தில் திருப்பிச் சொன்னேன். தவறிய இடங்களில் அவளே பொறுமையாகத் திருத்தினாள். திருத்தத் திருத்த அவள் குரல் பெரிதானது.

இப்போதும் டீச்சர் கூப்பிடுகிற இடங்களுக்குப் போகிறேன். மிஞ்சுகிறவருக்கு எதிரில் உட்காருவதுதான் என் வேலை. சில நாட்களில் எண்ணிக்கை இரட்டைப்படையாக அமைந்துவிடும். எல்லாருக்கும் ஜோடி இருக்கும், அறை முழுக்க ஒரே பேச்சாக இருக்கும். அன்று நான் பின்வரிசையில் தனியாக உட்கார்ந்து, எந்தக் குரல் யாருடையது என்று தெரியாமல், கேட்டுக்கொண்டிருப்பேன்.